கடை திறக்கும் முன் செலவான பணம் எந்தக் கணக்கில்?

புதிதாகக் கடை திறக்கும் எமது வர்த்தகர்கள் பலரின் ஐந்தொகையில் "ஆரம்பச் செலவு" என்றொரு வரி சொத்துப் பக்கத்தில் இருப்பதைக் காண்கிறேன். கடை திறக்கும் நாள்வரை கையை விட்டுப் போன பணத்தில் எதற்கு இடம் தெரியவில்லையோ அதெல்லாம் அந்த வரிக்குள் போய்விடும். வாடகை, சம்பளம், லோயர் காசு, போறணை இறக்கிய லொறிக் கூலி, திறப்பு விழாச் சாப்பாடு எல்லாம் ஒரே கூடை. பிறகு அந்தக் கூடையை ஐந்தாகப் பிரித்து ஐந்து வருடத்துக்கு எழுதிவிடுவார்கள். முன்னைய தலைமுறைக் கணக்கப்பிள்ளைமாரிடமிருந்து வந்த பழக்கம் இது. பார்க்க நியாயமாகவும் தெரியும். ஆனால் கூட்டு வியாபாரத்தில் இந்த ஒரு வரியால் ஒரு பங்காளியின் பணம் இன்னொரு பங்காளியின் கைக்குப் போய்விட முடியும். எப்படியென்று ஒரு கணக்கை வைத்தே பார்ப்போம்.

கல்கிசையில் காலி வீதியோரமாக ஒரு பேக்கரியும் சாப்பாட்டுக் கடையும் சேர்ந்த வியாபாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பங்காளிகள். ஒருவர் கடையை நடத்துபவர். மற்றவர் பணம் போட்டவர், கடைக்கு வருவதில்லை. இலாபம் சரிபாதி. நவம்பர் முதலாம் திகதி கட்டட உரிமையாளருடன் ஒப்பந்தம் எழுதி, பெப்ரவரி முதலாம் திகதி கடை திறக்கப்படுகிறது. கணக்கு முடிப்பது மார்ச் 31. தொகைகளைச் சுலபமாக விளங்குவதற்காக முழு இலட்சங்களாகவே தருகிறேன்.

திறப்பதற்கு முன் போன பணம் மொத்தம் 108 இலட்சம். இதில் நான்கு விடயங்களில் யாருக்கும் சந்தேகம் வராது. கட்டட உரிமையாளருக்குக் கொடுத்த, திரும்பக் கிடைக்கும் வைப்புப் பணம் 12 இலட்சம். மின் போறணையும் மா பிசையும் மெஷினும் விலை 40 இலட்சம். தடுப்புச் சுவர், டைல்ஸ், கவுண்டர், ஏசி, பெயர்ப்பலகை 24 இலட்சம். கோதுமை மா, சீனி, மாஜரீன் என்று களஞ்சியத்தில் இருந்த சரக்கு 3 இலட்சம். இவை 79 இலட்சம். எல்லாம் சொத்துத்தான்.

மிகுதி 29 இலட்சம்தான் கூடைக்குள் போனது. அதை அவிழ்த்துக் கொட்டினால் உள்ளே இருப்பவை இவை: துறைமுகத்திலிருந்து போறணையை எடுத்த கிளியரிங், லொறி, பொருத்திய கூலி, அதற்கென்று இழுத்த த்ரீ பேஸ் வயர் எல்லாம் 5 இலட்சம். போறணையைச் சரிபார்க்க வந்த டெக்னீஷியனுக்கும், சோதனைக்காகச் சுட்டுத் தள்ளிய பாணுக்கும் பணிசுக்கும் 1 இலட்சம். மூன்று மாத வாடகை 6 இலட்சம். பாஸ்மாருக்கும் மெனேஜருக்கும் திறப்பதற்கு முந்திய சம்பளம் 7 இலட்சம். பதிவுச் செலவும் லோயர் காசும் ஒன்றரை இலட்சம். துண்டுப் பிரசுரம், விளம்பரம், திறப்பு விழா நாலரை இலட்சம். போறணை பார்க்க கோயம்புத்தூர் போய்வந்த செலவு 2 இலட்சம். கடனுக்குக் கட்டிய வட்டி 2 இலட்சம்.

இதைப் பிரிக்க நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இந்தச் செலவு இல்லாவிட்டால் அந்தப் பொருள் அந்த இடத்தில் வேலை செய்யாதா, அல்லது கடை மாத்திரம் திறபடாதா? கிளியரிங் இல்லாமல் போறணை துறைமுகத்திலேயே கிடக்கும். த்ரீ பேஸ் வயர் இல்லாமல் அது வெறும் இரும்புப் பெட்டி. சோதித்துப் பார்க்காமல் சூடு சீராக வருகிறதா என்று தெரியாது. ஆகவே இந்த 6 இலட்சமும் போறணையின் விலையோடு சேரவேண்டியது. கணக்கில் போறணை 40 அல்ல, 46 இலட்சம். கூடைக்குள் போட்டதால் இந்த 6 இலட்சமும் தன் இடத்தைத் தவறவிட்டு, பத்து வருடம் உழைக்கும் மெஷினின் விலை ஐந்து வருடத்தில் தீர்ந்துபோகிறது. இறக்குமதியில் கட்டிய பெறுமதி சேர் வரியும் இப்படித்தான். நீங்கள் அந்த வரிக்குப் பதிவு செய்து அதை மீளக் கழிக்க முடியுமானால் விலையோடு சேராது. பதிவில்லாதவருக்கு அது போறணையின் விலையில் ஒரு பகுதி.

மற்ற 23 இலட்சத்தைப் பாருங்கள். பாஸ்மார் இரண்டு மாதம் பழகாவிட்டாலும் போறணை சூடாகும். விளம்பரம் இல்லாவிட்டாலும் ஏசி ஓடும். இவை கடையைத் திறக்கச் செய்த செலவு. எந்தப் பொருளோடும் ஒட்டாதவை. அவை செலவான வருடத்தின் இலாப நட்டக் கணக்குக்கே போகவேண்டும், முழுவதுமாக.

இது என் சொந்த அபிப்பிராயம் அல்ல. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16 புதிய இடமொன்றைத் திறக்கும் செலவு, விளம்பரச் செலவு, ஊழியரைப் பயிற்றும் செலவு, பொது நிருவாகச் செலவு ஆகியவற்றைச் சொத்தின் கிரயத்தில் சேர்க்கக் கூடாதென்று பெயர் சொல்லியே விலக்குகிறது. நியமம் 38 இன்னொரு வாசலையும் மூடுகிறது. கம்பனியை அமைக்கும் சட்டச் செலவையும் திறப்பதற்கு முந்திய செலவையும் புலப்படாத சொத்து என்று சொல்லியும் வைத்துக்கொள்ள முடியாது. சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான தனி நியமத்திலும் இதே விதிதான். இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய கண்டிப்பும் அல்ல. அமெரிக்கக் கணக்காளர்களின் அறிவிப்பு, சர்வதேச நியமம் 38 இரண்டுமே 1998இல் இந்த முடிவுக்கு வந்துவிட்டன.

இதைச் சொன்னதும் வர்த்தகர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி எனக்குப் பாடம். "நானா, பத்து வருஷம் ஓடப்போற கடைக்குத்தானே இந்தக் காசைப் போட்டேன். பழகின பாஸ்மாரால எனக்கு ஒரு வருஷம் மட்டுமா பிரயோசனம்?" கேள்வி நியாயமானதுதான். பிரயோசனம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது உங்கள் கையில் இருக்கிறதா? நீங்கள் இரண்டு மாதம் சம்பளம் கொடுத்துப் பழக்கிய பாஸை, வெள்ளவத்தையில் இன்னொரு கடைக்காரர் ஐயாயிரம் ரூபா கூடக் கொடுத்து அடுத்த மாதமே கூட்டிப் போகலாம். போறணையை அப்படிக் கூட்டிப் போக முடியாது. உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாததைச் சொத்துப் பக்கத்தில் எழுத முடியாது என்பதே இந்த விதியின் அடி. விளம்பரமும் அப்படியே. துண்டுப் பிரசுரத்தை வாங்கியவர் வருவதும் வராமல் விடுவதும் அவர் இஷ்டம்.

சம்பளத்தில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. உங்கள் கடையில் சம்பளம் வாங்கும் ஒருவரே மூன்று கிழமை இருந்து கவுண்டரையும் ராக்கைகளையும் அடித்துத் தந்திருந்தால், அந்த மூன்று கிழமைச் சம்பளம் கவுண்டரின் விலை. அதே ஆள் அடுத்த கிழமை பில் போடப் பழகினால், அந்தக் கிழமைச் சம்பளம் செலவு. ஆளைப் பார்ப்பதில்லை, வேலையைப் பார்க்கிறோம். இதற்கு ஒரு நாட்குறிப்பு தேவை. அது இல்லாவிட்டால் முழுவதையும் செலவாக எழுதிவிடுவதே பாதுகாப்பு.

கோயம்புத்தூர்ப் பயணத்தைப் போறணையின் விலையோடு சேர்க்கலாமே என்று சிலர் வாதாடுவார்கள். எதை வாங்குவது என்று முடிவாகாத நிலையில் சுற்றிப் பார்க்கப் போன செலவு, வாங்காமல் திரும்பியிருந்தாலும் போயிருக்கும். ஆகவே நான் சேர்ப்பதில்லை.

வாடகையைப் பற்றியும் சொல்லவேண்டும். திருத்த வேலை நடந்த மூன்று மாத வாடகையும் செலவே. சிறு வியாபாரத்துக்கான நியமத்தின்படி வாடகையை ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் சமமாகப் பரப்புகிறோம். ஆகவே உரிமையாளர் "முதல் இரண்டு மாதம் வாடகை வேண்டாம்" என்று விட்டுக்கொடுத்திருந்தாலும் அந்த இரண்டு மாதத்துக்கும் கணக்கில் ஒரு பங்கு வாடகை விழும். முழு நியமங்களைப் பின்பற்றும் பெரிய கம்பனிகளுக்கு 2019 முதல் குத்தகைக்கு வேறு முறை. அதற்குள் இங்கே போகவில்லை. கொழும்பில் நாம் கீ மணி என்று சொல்லும் பணமும் இருக்கிறது. திரும்பித் தருவதாக எழுத்தில் இருந்தால் அது வைப்பு. உரிமையாளருக்குக் கொடுத்து, திரும்பாது என்றால் அது முன்கூட்டிக் கட்டிய வாடகை. ஒப்பந்தக் காலத்துக்குப் பரப்பி எழுதலாம். ஐந்து வருட ஒப்பந்தத்துக்குக் கொடுத்த கீ மணியைப் பத்து வருடத்துக்குப் பரப்புபவர்களும் இருக்கிறார்கள். ஒப்பந்தம் மீண்டும் எழுதப்படும் என்ற நம்பிக்கையில். உரிமையாளரின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து கடையைக் கேட்டால் அந்த நம்பிக்கைக்கு என்ன பெறுமதி?

இனி வட்டி. இதைச் சொத்தோடு சேர்க்கலாம் என்று பலர் கேள்விப்பட்டிருக்கிறார்கள். முழு நியமங்களில் அது உண்மைதான், ஆனால் உருவாக நீண்ட காலம் எடுக்கும் சொத்துக்கு மட்டும். கொழும்பில் நாம் கண்முன்னே பார்த்த உதாரணம் ஜோன் கீல்ஸின் 'சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ்'. அந்தக் கட்டடத் தொகுதி எழும்ப வருடக்கணக்கானது. அத்தனை காலமும் கடன் வட்டி கட்டடத்தின் கிரயத்தோடு சேர்ந்துகொண்டே வந்தது. 2024 ஒக்டோபரில் ஹோட்டல் திறந்த பிறகு வட்டியும் பெறுமானத் தேய்வும் இலாப நட்டக் கணக்குக்கு இறங்கின. திறப்பு விழாவோடு ஒரு கம்பனியின் இலாபம் ஏன் குறைந்துபோனது என்று பங்குதாரர் கேட்டால், பதிலில் ஒரு பகுதி இதுதான். எமது பேக்கரிக்கு இது பொருந்தாது. கப்பலில் வந்து சில நாளில் பொருத்தப்படும் போறணை நீண்ட காலச் சொத்து அல்ல. மேலும் சிறு நிறுவனங்களுக்கான நியமத்தில் வட்டி எப்போதும் செலவுதான். வட்டியில்லா முறையில் போறணையை வாங்கியவர் என்றால் ஒப்பந்தத்தைக் கணக்காளரிடம் அப்படியே காட்டுங்கள். விலையோடு ஏற்றிய இலாபப் பங்கு காலத்தை ஒட்டியதென்றால், ஒப்பந்தத்தில் அதன் பெயர் எதுவானாலும், கணக்கில் அது கடன் கிரயமாகவே பார்க்கப்படும்.

கூடை முறையின் இன்னொரு ஆபத்து, வருமானத்தையும் அதற்குள் ஒளிப்பது. கடலுக்கு அந்தப் பக்கம் தூத்துக்குடியில் நடந்த ஒரு வழக்கு இதற்குப் பேர்போனது. தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் என்ற உர, இரசாயனக் கம்பனி உற்பத்தி தொடங்க முன் கடன் எடுத்தது. உடனே தேவைப்படாத பணத்தைக் குறுகிய கால வைப்பில் போட்டு வட்டி பெற்றது. தான் கட்டும் வட்டியோடு இதைக் கழித்துக்கொள்கிறோம், தனி வருமானம் அல்ல என்று வாதாடியது. இந்திய உச்ச நீதிமன்றம் 1997இல் அதை ஏற்கவில்லை. தொழிற்சாலை தொடங்கவில்லை என்பதற்காக வந்த வருமானம் வருமானம் அல்லாமல் போகாது, அதற்கு வரி உண்டு என்று தீர்ப்பளித்தது. அது இந்தியச் சட்டம், எமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் சிந்தனை அதேதான். சோதனைக்குச் சுட்ட பணிசை அக்கம்பக்கக் கடைகளுக்கு விற்றிருந்தால் அந்தப் பணத்தைப் போறணையின் விலையில் கழிக்கும் வழக்கம் முன்பு இருந்தது. 2022 முதல் முழு நியமங்களில் அதற்கு இடமில்லை. விற்றது விற்பனை, அதன் கிரயம் கிரயம்.

திகதி விடயத்திலும் கவனம் தேவை. சொத்தோடு செலவைச் சேர்ப்பது திறப்பு விழா நாள் வரைக்கும் அல்ல. போறணை பொருத்தப்பட்டு, சோதித்து, ஓடத் தயாரான நாளோடு அந்தக் கதவு மூடுகிறது. ஜனவரி பத்தாம் திகதி போறணை தயார், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்து மாநகர சபை அனுமதிப்பத்திரம் வரும்வரை மூன்று கிழமை காத்திருந்தீர்கள் என்றால், அந்த மூன்று கிழமை மின்சாரமும் காவலாளி சம்பளமும் செலவு. பெறுமானத் தேய்வும் ஜனவரி பத்திலிருந்தே ஓடத் தொடங்கும்.

இப்போது பங்காளிகளிடம் வருவோம். பெப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் வியாபாரம் நன்றாகப் போய், எல்லாக் கடைச் செலவும் போக 5 இலட்சம் மிஞ்சியது என்று வைப்போம். கூடை முறையில் 29 இலட்சத்தில் இரண்டு மாதப் பங்கு சுமார் 1 இலட்சம். அதைக் கழித்தால் 4 இலட்சம் இலாபம். ஆளுக்கு இரண்டு. இருவரும் சந்தோஷமாகப் பிரித்துக்கொள்வார்கள். சரியான முறையில் 5 இலட்சத்தில் 23 இலட்சத்தைக் கழிக்கவேண்டும். 18 இலட்சம் நட்டம். பிரிக்க ஒன்றுமில்லை. அப்படியானால் பிரித்த 4 இலட்சம் எங்கிருந்து வந்தது? போட்ட மூலதனத்திலிருந்து. பணம் போட்டவர் தன் பணத்தில் ஒரு பங்கையே இலாபமென்று வாங்கியிருக்கிறார். கடை நடத்துபவரோ மற்றவரின் பணத்தை வாங்கியிருக்கிறார். முழாரபா அடிப்படையில் செய்த கூட்டென்றால் விடயம் இன்னும் நேரடியானது. மூலதனம் மீண்ட பிறகே இலாபம் என்பது அதன் விதி. கம்பனியாகப் பதிந்திருந்தால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டம் குறுக்கே நிற்கும். பங்கிலாபம் கொடுத்த பிறகும் சொத்துக்களின் பெறுமதி, கடன்களையும் கூறப்பட்ட மூலதனத்தையும் சேர்த்த தொகையைவிடக் கூடவேண்டும். 18 இலட்சம் நட்டத்தோடு அந்தச் சோதனையில் தேற முடியாது.

அடுத்த முழு வருடத்தில் 30 இலட்சம் மிஞ்சுகிறது என்போம். கூடை முறையில் வருடப் பங்கு 5.8 இலட்சத்தைக் கழித்து 24 இலட்சம் இலாபம் காட்டும். சரியான முறையில் போறணையோடு சேர்ந்த 6 இலட்சத்தின் தேய்வு அறுபதாயிரம் மட்டுமே போகும், 29 இலட்சத்துக்கு மேல். வருட இலாபம் இங்கேதான் கூட! ஆனால் முன்னைய 18 இலட்சம் நட்டத்தை ஈடுசெய்தால் பிரிக்கக் கூடியது 11 இலட்சம் மட்டும். பதினான்கு மாதத்தில் கூடை முறை காட்டியது 28 இலட்சம், உண்மையில் இருப்பது 11. இடையில் உள்ள 17 இலட்சமும் ஐந்தொகையில் "ஆரம்பச் செலவு" என்ற பெயரில் சொத்தாக நிற்கிறது. அந்த நேரத்தில் கடை நடத்துபவர் விலகி, ஐந்தொகைப்படி தன் பாதியைக் கேட்டால், இல்லாத சொத்துக்கு எட்டரை இலட்சம் ரொக்கமாகக் கொடுக்கவேண்டி வரும். புதிதாகப் பங்கு வாங்க வருபவருக்கும் இதே பொறி. ஆகவே யாருடைய ஐந்தொகையைப் பார்த்தாலும் அந்த வரியைத் தேடிப் பிடித்து, அடித்துவிட்டுத்தான் நான் மிச்சத்தைப் படிப்பேன்.

திறப்பதற்கு முந்திய செலவை இலாபத்திலிருந்து ஒரேயடியாகக் கழிப்பது உழைக்கும் பங்காளிக்கு அநியாயம் என்று தோன்றினால், அதைச் சரிசெய்யும் இடம் ஐந்தொகை அல்ல, கூட்டு ஒப்பந்தம். முதல் வருடம் அவருக்கு மாதச் சம்பளம் என்று எழுதலாம். ஆரம்ப நட்டத்தை எந்த விகிதத்தில் தாங்குவது என்று எழுதலாம். முழாரபாவில் நட்டம் மூலதனக்காரரைச் சேரும் என்பதால் அங்கே எதை எழுதலாம் என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் கடை திறக்க முன் எழுதவேண்டும்.

வரி தனிக் கதை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் வருமானத்தை உழைப்பதற்காக அந்த வருடத்தில் ஏற்பட்ட செலவைக் கழிக்க விடுகிறது, மூலதனத் தன்மையான செலவை விடுவதில்லை. போறணை போன்றவற்றுக்கு மூலதனப் படி கிடைக்கும். கணக்கில் செலவாக எழுதியதனால் மட்டும் வரியிலும் கழிந்துவிடும் என்று நினைக்கவேண்டாம். எமது உதாரணத்தில் செலவும் திறப்பும் ஒரே வரி ஆண்டுக்குள் வந்துவிட்டன. பெப்ரவரியில் செலவழித்து ஜூனில் திறப்பவரின் நிலை வேறு. முதல் வருடத்தில் வியாபாரமே தொடங்கவில்லையே என்று அதிகாரி கேட்பார். திறக்கும் திகதியைத் தெரிவு செய்ய முன் வரி ஆலோசகரிடம் இதைக் கேளுங்கள்.

கடைசியாகப் பற்றுச்சீட்டுக்கள். கம்பனி பதிய முன் வாங்கியவை உங்கள் சொந்தப் பெயரில் இருக்கும். பதிந்த பிறகு அவற்றைப் பட்டியலிட்டு, கம்பனி ஏற்றுக்கொள்வதாகப் பணிப்பாளர் தீர்மானம் ஒன்று எழுதி, தொகையை உங்கள் நடைமுறைக் கணக்கில் வரவு வையுங்கள். ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் எந்தப் பொருளுக்கு, எந்த வேலைக்கு என்று பென்சிலால் எழுதி வையுங்கள். கிளியரிங் பில்லில் போறணையும் கதிரைகளும் ஒன்றாக வந்திருந்தால் அன்றைக்கே விலை விகிதப்படி பிரித்துவிடுங்கள். மார்ச் மாத முடிவில் கணக்காளர் கேட்கும்போது எந்தக் கொள்கலனில் எது வந்தது என்று ஞாபகம் இருக்காது.